இடமிருந்து மூன்றாவது ஆள்

கதையில் ஒரு பையன் வருகிறான். வயது பதினாறு. 1950-களின் கடைசியில் தென் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் இருக்கும் போட்டோ ஸ்டூடியோவில் தொழில் பழகுகிறான். காலையில் ஷட்டரைத் தூக்குவது, ஹைப்போ கரைப்பது, பிரிண்டுகளை ஓடும் தண்ணீரில் அலசிக் காயப்போடுவது எல்லாம் அவன் வேலை. ஓராண்டு கழித்துத்தான் முதலாளி அவனை டச்சிங் மேசையில் உட்கார விட்டார். முகத்தில் உள்ள அம்மைத் தழும்பைப் பென்சிலால் மறைக்கப் பழகிவிட்டான். ஆளையே மறைக்கும் வேலை அதுவரை வந்ததில்லை.

அந்த வேலையோடு ஒரு பெரியவர் வருகிறார். கையில் மூன்று வருடத்துக்கு முந்தைய கல்யாணக் குரூப் போட்டோ. மணமக்கள் நாற்காலியில் இருக்கிறார்கள், முன்னால் பிள்ளைகள், பின்னால் ஏழு ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் பெரியவரின் இரண்டாவது மருமகன். பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேறு ஊரில் வேறு குடும்பம் நடத்துகிறார்.

“இந்தப் பய படத்துல இருக்கக் கூடாது. மத்தவங்க அப்படியே இருக்கணும்.”

முதலாளிக்கு அன்று வெளியூரில் ஒரு கல்யாணம். கிளம்பும் அவசரத்தில் பழைய கண்ணாடி நெகட்டிவைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். “நிக்கிற வரிசையில இடமிருந்து மூணாவது ஆளு. கருகருன்னு முடி வச்சிருப்பான் பாரு, இளவட்டம். சட்டையை மட்டும் லேசா ஆரம்பிச்சு வை தம்பி, மீதிய நான் வந்து பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பையன் ஒரு பிரிண்ட் போட்டுப் பார்த்தான். மருமகன் சிரித்தபடி நின்றார். காணாமல் போயிருந்தவர் மணப்பெண்ணின் தாய்மாமன்.

இந்தப் பையன் கற்பனை. அவன் செய்த பிழை கற்பனை அல்ல. நெகட்டிவில் வேலை பார்த்த யாருக்கும் நேரக்கூடியது. கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் இதைத் தள்ளிவிட முடியாது. பையன் கவனமாகத்தான் இருந்தான். இடமிருந்து எண்ணினான், முடியையும் பார்த்தான், இரண்டும் சரியாகப் பொருந்தின. அப்படியும் ஆள் மாறிப்போனது ஏன் என்பதில்தான் அந்தக் காலத்து ஸ்டூடியோத் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது.

முதலில் இடம், வலம். கண்ணாடி நெகட்டிவ் என்பது ஒரு பக்கம் மருந்து பூசிய கண்ணாடித் தகடு. கண்ணாடிப் பக்கம் பளபளக்கும்; மருந்துப் பக்கம் மங்கலாக இருக்கும். கேமராவுக்குள் மருந்துப் பக்கம்தான் லென்ஸைப் பார்த்து நிற்கும். அதனால் கழுவி எடுத்த தகட்டைக் கண்ணாடிப் பக்கம் நம்மை நோக்கி இருக்கும்படி பிடித்தால் இடம் இடமாகவும் வலம் வலமாகவும் தெரியும். மருந்துப் பக்கம் நம்மை நோக்கி இருந்தால் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல எல்லாம் பக்கம் மாறிவிடும். பிரிண்ட் போடும்போது மருந்துப் பக்கத்தைக் காகிதத்தோடு ஒட்டி வைத்து, கண்ணாடிப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விடுவார்கள். ஆகவே பிரிண்டில் எல்லாம் நேராகிவிடும்.

டச்சிங் வேலையோ மருந்துப் பக்கத்தில்தான் நடந்தாக வேண்டும். வழவழப்பான கண்ணாடியில் பென்சில் பிடிக்காது. படமும் மருந்தில்தான் இருக்கிறது, சுரண்டுவதானாலும் அங்கேதான் சுரண்ட வேண்டும். டச்சிங் மேசை சாய்வான ஒரு சட்டம். நடுவில் தகடு உட்காரும் இடம், கீழே ஜன்னல் வெளிச்சத்தை மேலே அனுப்ப ஒரு கண்ணாடி. தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு குனிந்தால், ஒளிரும் தகடு ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். அந்தத் தகட்டில் ஏழு பேர் பக்கம் மாறி நிற்கிறார்கள். பிரிண்டில் மூன்றாவதாக நின்றவர் இங்கே ஐந்தாவது. ஐந்தாவதாக நின்ற தாய்மாமன் மூன்றாவது. ஏழு பேர் வரிசையில் இந்தக் குழப்பத்துக்குத் தப்பியவர் நட்டநடுவில் நிற்கும் நாலாமவர் ஒருவர்தான்.

சரி, எண்ணிக்கை தவறலாம். முடி?

நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகும், கறுப்பு வெள்ளையாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பையனுக்கும் தெரியும். ஆனால் துணிக்குள் குனிந்து, பூதக்கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, ‘கருகரு முடி’ என்ற சொல்லை மனதில் போட்டுக்கொண்டு தேடும்போது, கண் கறுப்பைத்தான் தேடும். முப்பது வயது மருமகனின் கறுப்புத் தலை நெகட்டிவில் வெளுத்துக் கிடக்கிறது, மீசையும் வெள்ளை. ஆளைப் பார்த்தால் எழுபது வயதுக் கிழவர்போல இருக்கிறார். நரைத்துப்போன தாய்மாமனின் தலையோ கரிபோல் மின்னுகிறது. அவர் நெற்றி விபூதிகூட மூன்று கறுப்புக் கோடுகள். இருவர் உடுத்தியிருப்பதும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நெகட்டிவில் இருவருமே கறுப்பு உடைக்காரர்கள். முகச்சாயலைக் கொண்டு பிரித்துவிடலாமே என்றால், தகட்டின் அளவையும் பார்க்க வேண்டும். ‘ஆஃப் பிளேட்’ தகடு நாலே முக்கால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம். அதற்குள் ஒரு குடும்பமே நின்றால், ஒரு முகம் உளுந்தை விடச் சற்றே பெரிதாக இருக்கும்.

ஆக, தவறான இடத்தில் நின்றவருக்குத் தவறான நிறத்தில் முடி. ஒரு பிழையை இன்னொரு பிழை சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டது. ஒரு சோதனை மட்டும் தப்பியிருந்தால் பையன் யோசித்திருப்பான்.

இதில் தப்பிக்க ஒரே வழி, பிரிண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தகட்டைக் கண்ணாடிப் பக்கமாகத் திருப்பி எண்ணி, அழிக்க வேண்டிய ஆளின் தலைக்கு மேல் கண்ணாடிப் பக்கத்திலேயே மையால் ஒரு புள்ளி வைப்பது. பிறகு தகட்டை எப்படித் திருப்பினாலும் புள்ளி அவர் தலையை விட்டு நகராது. வேலை முடிந்ததும் துடைத்துவிடலாம். முதலாளிகளுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். கைப்பழக்கமாகிவிட்டதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதுதான் எந்தத் தொழிலிலும் கற்றுக்குட்டிக்கு வரும் சங்கடம்.

இனி, அழித்த கதைக்கு வருவோம். நெகட்டிவில் ஓர் ஆளை அழிப்பது சிலேட்டில் எழுதியதை அழிப்பது போன்றதல்ல. அவர் நின்ற இடம் பின்னால் தொங்கும் திரையின் நிறத்துக்கு வந்தாக வேண்டும். அந்தத் திரை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைச் சட்டை இருக்கும் இடத்தில் தகட்டில் வெள்ளிப் படிவம் அடர்த்தியாக இருக்கும். அங்கே அடர்த்தியைக் குறைக்க வேண்டும். கூரிய சிறு கத்தியால், காகிதத்தைத் தடவும் அளவுக்கு லேசாக, மருந்தின் மேல்தோலைச் சுரண்டுவார்கள். பெரிய பரப்பாக இருந்தால், பொட்டாசியம் ஃபெரிசயனைடும் ஹைப்போவும் கலந்த கரைசலைத் தூரிகையால் தொட்டு வெள்ளியைக் கரைப்பதும் உண்டு; 1883-இல் ஹோவர்ட் ஃபார்மர் வெளியிட்ட முறை என்பதால் அதற்கு ஃபார்மர் ரெடியூசர் என்று பெயர். கரிய முகமும் முடியும் உள்ள இடங்களில் இதற்கு நேர்மாறான வேலை. அங்கே தகடு தெளிவாக இருக்கும், அடர்த்தியைக் கூட்ட வேண்டும். பிசின் கலந்த டச்சிங் மருந்தைப் பஞ்சால் தடவி, அது லேசாகப் பிடிப்புக் கொடுத்ததும், ஊசி முனையாகச் சீவிய பென்சிலால் அரைப்புள்ளி போன்ற சிறு கோடுகளாக நிரப்பிக்கொண்டே போவார்கள்.

இந்த இரண்டு வேலைகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பென்சிலைத் துடைத்துவிடலாம், டர்பன்டைன் நனைத்த பஞ்சால் ஒரு தடவு தடவினால் பழைய முகம் வந்துவிடும். சுரண்டிய வெள்ளி திரும்பாது. பையன் முகத்தில் ஆரம்பித்திருந்தால் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டிருக்கலாம். முதலாளியோ சட்டையில் ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார். சட்டை நன்றாக வரவே, அவன் உற்சாகத்தில் முகத்தையும் சேர்த்து முடித்துவிட்டான்.

இருட்டறையில் சிவப்பு விளக்கடியில் டெவலப்பர் தட்டில் காகிதத்தை ஆட்டிக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. முதலில் கறுப்புத் தலைகள் வந்தன. மூன்றாவது இடத்தில் ஒரு கறுப்புத் தலை வந்தது. வரக் கூடாத தலை. ஐந்தாவது இடத்தில் திரை மட்டும் வந்தது. கடைசியாக, அந்த இடத்துக்கு முன்னால் நின்ற சிறுவனின் வெள்ளைச் சட்டைத் தோளில் நாலு விரல்கள் வந்தன. ஒரு விரலில் மோதிரம். தாய்மாமன் தன் கையை அந்தப் பிள்ளையின் தோளில் போட்டிருந்தார். பூதக்கண்ணாடியில் அதைச் சட்டை மடிப்பு என்று நினைத்துப் பையன் விட்டுவிட்டான். மாமன் போய்விட்டார், மாமன் கை மட்டும் நின்றது.

இப்படி மிச்சம் விழுவது கற்றுக்குட்டிகளிடம் மட்டும் அல்ல. அரசாங்கத்துக்காக வேலை பார்த்த கைதேர்ந்தவர்களிடமும் விழுந்திருக்கிறது. 1948 பிப்ரவரி 21-ஆம் தேதி, பிராக் நகரத்தின் பழைய சதுக்கத்தில் ஒரு மாளிகையின் மாடத்தில் நின்று கம்யூனிஸ்ட் தலைவர் கிளெமென்ட் காட்வால்ட் பேசினார். பக்கத்தில் விளாதிமிர் கிளெமென்டிஸ் நின்றார்; பிறகு வெளியுறவு அமைச்சர் ஆனவர். காட்வால்ட் தலையில் ஒரு ரோமத் தொப்பி. 1952 டிசம்பரில் துரோகி என்று குற்றம் சாட்டி கிளெமென்டிஸைத் தூக்கிலிட்டார்கள். படத்திலிருந்தும் அவரை எடுத்துவிட்டார்கள். குளிருக்காகத் தன் தலைத் தொப்பியைக் கழற்றி காட்வால்டுக்குப் போட்டுவிட்டவர் கிளெமென்டிஸ்தான் என்று எழுத்தாளர் மிலன் குந்தேரா தன் நாவல் ஒன்றைத் தொடங்குகிறார். அந்த நாவலின்படி, ஆள் போய்த் தொப்பி மட்டும் மிஞ்சியது.

அந்தப் படத்தில் பலர் கவனிக்காத இன்னொரு சங்கதி உண்டு. காட்வால்டுக்கும் கிளெமென்டிஸுக்கும் அருகே கரேல் ஹாயெக் என்ற போட்டோகிராஃபரும் நின்றிருந்தார். திருத்திய படத்தில் அவரும் இல்லை. துரோகி என்று யாரும் அவரைச் சொல்லவில்லை. அழிக்க வேண்டியவரை ஒட்டி நின்றார், அவ்வளவுதான். நம் கதைப் பையன் தெரியாமல் தப்பான ஆளை அழித்தான். பிராக்கில் தெரிந்தே சரியான ஆளோடு இன்னொருவரையும் சேர்த்து வழித்துவிட்டார்கள்.

ஏன் சேர்த்து வழித்தார்கள் என்பதற்கு எந்த ஆவணமும் தேவையில்லை, மேசையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் இன்னொருவரின் தோளை மறைத்து நின்றால், முன்னவரை எடுத்ததும் பின்னவரின் மறைந்திருந்த தோளை வரைந்தாக வேண்டும். இல்லாத தோளை வரைவதைவிட இருவரையும் எடுத்துவிட்டுச் சுவரை வரைவது சுலபம். ஓரத்தில் நிற்பவரை அழிப்பது இன்னும் சுலபம். ஸ்டாலினோடு வொரோஷிலோவ், மொலோதோவ், யெஷோவ் மூவரும் மாஸ்கோ–வோல்கா கால்வாய்க் கரையில் நடந்து வரும் 1937-ஆம் ஆண்டுப் படம் உலகப் பிரசித்தம். ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த யெஷோவ் அதில் ஓரத்தில், தண்ணீரை ஒட்டி வருகிறார். 1940-இல் அவரைச் சுட்டுக் கொன்ற பிறகு படத்தில் அவர் இடத்தைத் தண்ணீர் நிரப்பியது. அலையடிக்கும் தண்ணீர் டச்சிங்காரனுக்கு வரம். எப்படி வரைந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். கட்டம் போட்ட புடவைக்கு முன்னால் நின்றவரை அழிக்கச் சொல்லிப் பார்த்தால் தெரியும் சேதி.

இவையெல்லாம் பெரிய இடத்து அழிப்புகள். நம்மூர் ஸ்டூடியோக்களில் ஆளை நீக்கச் சொல்லி வந்தவர்கள் குறைவு. அதற்கு நேர்மாறான வேலைதான் அதிகம். பாட்டி இறந்துவிட்டாள், மாலை போட்டு மாட்டப் படம் இல்லை, எப்போதோ ஒரு கல்யாணக் குரூப்பில் மூன்றாம் வரிசையில் தலை மட்டும் தெரிகிறது. அந்தத் தலையை எடுத்துப் பெரிதாக்கி, தோளும் புடவையும் வரைந்து, நெற்றியில் பொட்டு வைத்துக் கொடுக்க வேண்டும். பாட்டியைத் தவிர மற்ற எல்லோரையும் அழிக்கும் வேலை அது. இதிலும் ஆள் மாறுவது உண்டு. அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தால், உயிரோடிருக்கும் தங்கைக்கு மாலை விழுந்துவிடும்.

மறுநாள் முதலாளி வந்தார். பிரிண்டைப் பார்த்தார். பையனை அடிக்கவில்லை என்று கதை சொல்கிறது. அந்தக் காலத்தில் அதை நம்புவது கொஞ்சம் கடினம், போகட்டும். “பெரியவர் கொண்டு வந்த படம் எங்கே?” என்று மட்டும் கேட்டார்.

அது மேசை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. எல்லோரும் இருக்கும் ஒரே படம் இப்போது அதுதான். முதலாளி அதைச் சுவரில் தட்டையாக ஒட்டி, இரண்டு பக்கமும் சமமாக விளக்கு வைத்து, கேமராவால் படமெடுத்தார். அந்தப் புது நெகட்டிவிலிருந்து பத்துக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் பெரிய பிரிண்ட் போட்டார். பிரிண்டில் இடம் இடம், வலம் வலம், கறுப்பு கறுப்பு. மருமகன் மருமகனாகவே தெரிந்தார். சாம்பல் வண்ணத்தைக் குழைத்துத் தூரிகையால் அவர்மேல் திரையை வரைந்தார். காய்ந்ததும் அதை மறுபடி படமெடுத்து, கடைசிப் பிரிண்ட் போட்டார். நேற்றே இப்படிச் செய்திருக்க வேண்டியது. தவறினாலும் வண்ணத்தைத் துடைக்கலாம், இன்னொரு பிரிண்ட் போடலாம், பழைய தகடு பெட்டியில் அப்படியே கிடக்கும். ஆனால் இரண்டு தகடு, இரண்டு பிரிண்ட் செலவு. அதனால்தான் நெகட்டிவிலேயே முடித்துவிடும் ஆசை முதலாளிகளுக்கு எப்போதும் இருந்தது.

அந்தச் செலவோடு இன்னொரு விலையும் உண்டு. படத்தைப் படமெடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போய்விடும். வெள்ளை வேட்டியின் மடிப்புகள் மறைந்து வெறும் வெள்ளையாகும், புடவையின் ஜரிகைக் கரை ஒரே பட்டையாகும், முகத்தின் நடுநிறங்கள் சுருங்கிக் கறுப்பும் வெள்ளையுமாகப் பிரியும். பழைய குடும்பப் படம் ஒன்று அசலா, திருத்தி மறுபடி எடுத்ததா என்று பார்க்க முகங்களைப் பார்க்க வேண்டாம். வேட்டி மடிப்பைப் பார்த்தால் போதும். அடுத்து ஆட்களுக்கு இடையிலுள்ள வெளியைப் பார்க்கலாம். தோளோடு தோள் இடித்து நிற்கும் வரிசையில் ஓரிடத்தில் மட்டும் ஓராள் அகலத்துக்குத் திரை தெரிந்தால், அங்கே யாரோ நின்றிருந்தார். பிறகு கால்களை எண்ணலாம். அழிக்கிறவர்கள் தலையில் காட்டும் சிரத்தையைக் காலில் காட்டுவதில்லை.

பெரியவர் வந்து படத்தை வாங்கிக்கொண்டார். இடைவெளி அவர் கண்ணில் படவில்லை, பட்டாலும் சொல்லவில்லை. பழைய படத்தை அங்கேயே இரண்டாகக் கிழித்து, அந்தத் துண்டுகளை இன்னும் இரண்டாகக் கிழித்து, குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் மருமகன்கள் சில சமயம் திரும்பி வருவார்கள். நாலு வருடம் கழித்து அதே பெரியவர், கொஞ்சம் கூனிப்போய், ஸ்டூடியோப் படியேறினார். கூட அவர் மகளும் வந்திருந்தாள்.

“அண்ணே, அந்தப் படத்துல அவரையும் சேத்துப் போட முடியுமா?” என்று முதலாளியிடம் கேட்டாள்.

பெரியவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி உள்ளே திரும்பிப் பார்த்தார். இருபது வயதான பையன் அதற்குள் எழுந்து, பெட்டிகளில் எண் பார்க்கத் தொடங்கியிருந்தான். ஸ்டூடியோவில் கெட்டுப்போன தகட்டையும் எறிவதில்லை. எல்லோரும் இருந்த படம் இப்போது உலகத்தில் இல்லை. ஆனால் தாய்மாமன் இல்லாத அந்தத் தகட்டில் மருமகன் ஒரு கீறல்கூட இல்லாமல் நிற்கிறார். அதிலிருந்து அவரை மட்டும் பிரிண்ட் போட்டு, வெட்டி, மற்ற படத்தில் அவர் நின்ற இடைவெளியிலேயே ஒட்டி, மறுபடி ஒரு தடவை படமெடுக்க வேண்டும்.

பையன் தகட்டை உறையிலிருந்து உருவி, விளிம்பைப் பிடித்து, ஜன்னலுக்கு நேரே உயர்த்தினான். விரல் நுனியால் ஓரத்தைத் தொட்டுப் பளபளப்பான பக்கம் தன்னை நோக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். பிறகு இடமிருந்து எண்ணினான். மூன்றாவதாக ஒரு வெள்ளைத் தலைக்காரர், வெள்ளை மீசையோடு நின்றுகொண்டிருந்தார்.